அட்டை, கயிறு, பதினைந்து பிள்ளைகள்: தாளம் தவறும் இசைக்குழுவை வைத்து க்ளாக் ஸ்க்யூ காட்டுவது

சிப்புக்குள் ஓடும் க்ளாக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இசைக்குழுவை உவமையாக எடுப்பது பழைய வழிதான். கோலை வீசுகிறவர் க்ளாக், வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளீட்டைப் பிடித்துவைக்கும் ஃபிளிப்-ஃபிளாப். ஆனால் ஒரே தட்டு வெவ்வேறு ஆளுக்கு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும் ஸ்க்யூவுக்கு வரும்போது அந்த உவமை சறுக்கிவிடும். மேடையில் கோலின் அசைவை எல்லாரும் கண்ணால் பார்க்கிறார்கள். ஒளி 20 மீட்டர் கடக்க நொடியின் பத்துக் கோடியில் ஏழு பங்குகூட ஆகாது. அங்கே தாளம் யாருக்கும் தாமதமாகப் போவதே இல்லை. தாமதமாகப் போவது ஒலி. அதே 20 மீட்டருக்கு அது ஏறக்குறைய 58 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். பின்வரிசைக்காரர்கள் காதை நம்பாமல் கோலைப் பார்த்து வாசிப்பது அதனால்தான். ஆகவே கதையில் முதலில் செய்ய வேண்டிய வேலை, நடத்துகிறவரைக் கண்ணுக்கு மறைப்பது.

இன்னொரு முன்னெச்சரிக்கை. ‘கண்டக்டர்’ என்று சொன்னால் பாதி வகுப்புக்குப் பேருந்து ஞாபகம் வரும், அறிவியல் பாடம் முடித்து வந்தவர்களுக்குச் செம்புக் கம்பி ஞாபகம் வரும். ‘தாளக்காரர்’ என்று வைத்துக்கொள்வது வசதி. ‘கடிகாரம்’ என்ற சொல்லையும் தொடாமல் இருப்பது நல்லது. சிப்பின் க்ளாக்குக்கு மணி தெரியாது, தட்டு மட்டுந்தான் தெரியும். தாளம் என்றால் தமிழ்ப் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

கதை இவ்வளவுதான். ஒரு பழைய அரண்மனையில் வரிசையாக எட்டு அறைகள், அறைக்கு ஒரு வாத்தியக்காரர். யாருக்கும் தாளக்காரரைத் தெரியாது, இடப்பக்கத்து அறையை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். தாளம் கயிறு வழியாக வரும். கயிறு வெடுக்கென்று இழுபட்டால், அந்தக் கணத்தில் இடப்பக்கத்து அறையில் என்ன ஸ்வரம் இருக்கிறதோ அதைத் தன் அறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் அறைக்கு வெளியிலிருந்து ச, ரி, க, ம என்று ஒவ்வொன்றாக வரும். எட்டாவது தாளத்தில் எட்டாவது அறைக்கு ‘ச’ வந்து சேர வேண்டும். அப்போதுதான் ராஜா ஜால்ரா தட்டுவார். ஒரு தாளம் முந்தினாலும் பிந்தினாலும் கச்சேரி கெட்டுப்போகும். மின்னணுவியலில் இந்த அமைப்புக்கு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்று பெயர். கதையை இங்கேயே நிறுத்திவிட்டு வேலையில் இறங்கலாம். மிச்சக் கதையைக் கயிறு சொல்லும்.

தேவையான ஆட்கள்: தாளக்காரர் 1, வாத்தியக்காரர் 8, கயிற்றை வாங்கிக் கடத்த மட்டும் 6 பேர். ஆக 15. இவர்களைத் தவிர ஸ்வரம் கொடுக்க ஒருவர், எட்டாவது அறைக்குப் பக்கத்தில் கணக்கு எழுத ஒருவர், பின்னால் வரும் ஒரு சோதனைக்காக ஒதுக்கி வைக்க ஒருவர். பொருள்கள்: ஒன்றரை மீட்டர் பருத்திக் கயிறு 14 துண்டு, அரையடி ஸ்கேல் 7, ஏ5 அளவு அட்டை 50. வெற்று, ச, ரி, க, ம என்று ஐந்து அட்டை ஒரு தொகுப்பு. அதுபோல் பத்துத் தொகுப்பு வேண்டும். எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கு ஒரே பார்வையில் தெரியும். தாளக்காரருக்கு மட்டும் காதில் மெட்ரோனோம், நிமிடத்துக்கு 60. நாலு சொடுக்குக்கு ஒரு தாளம் என்றால் தாள இடைவெளி 4 நொடி. மெட்ரோனோம் சத்தம் வெளியே கேட்டால் சோதனை அதோடு போயிற்று. கயிற்றை மறந்துவிட்டுச் சத்தத்துக்கே எல்லாரும் அட்டையைத் தூக்குவார்கள்.

கயிற்றை இடக்கையில் பிடிக்க வேண்டும். இழுப்பு வந்ததும் வலக்கையால் அடுத்த கயிற்றை இழுத்துவிட்டு, அதே நேரத்தில் இடப்பக்கம் பார்த்து, பார்த்த ஸ்வரத்தைத் தூக்க வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால் சுலபமாயிற்றே என்று தோன்றும். கட்டக் கூடாது. அட்டையை எடுக்கக் கை நீளும்போது கயிறு மறுபடி இழுபடும். அடுத்த பிள்ளைக்கு இல்லாத தாளம் ஒன்று போய்ச் சேரும், அதற்கப்புறம் கணக்கு எங்குமே ஒத்துவராது. சிப்பிலும் க்ளாக் கம்பியில் இப்படிப் பொய்த்துடிப்பு நுழைவது உண்டு, அதைக் க்ளிட்ச் என்பார்கள். அதைக் காட்டுவது இன்றைய வேலை இல்லை. கயிறு கையில் மட்டும் இருக்கட்டும், தொய்யாமலும் இருக்கட்டும். தொய்வு உள்ள கயிறு முதலில் நிமிர்ந்த பிறகுதான் அடுத்த கையை இழுக்கும், அந்த ஒரு இணைப்பு மட்டும் காரணம் தெரியாமல் தாமதிக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு பிள்ளைகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். தாமதம் பிள்ளையோடு போனால் பிள்ளை, அங்கேயே இருந்தால் கயிறு.

முதல் அமைப்பு சங்கிலி. தாளக்காரர் முதல் வாத்தியக்காரரை இழுக்கிறார், அவர் இரண்டாமவரை, அப்படியே நாலாமவர் வரை. நாலாமவரின் கயிறு நேராக ஐந்தாமவருக்குப் போகாமல், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆறு கடத்திகளையும் சுற்றிக்கொண்டு ஐந்தாமவரிடம் வருகிறது. அங்கிருந்து எட்டு வரை நேர்வழி. கயிறு சரியாக 14.

ஓட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகச் சுமார் கால் நொடி ஆகும். கண்ணால் அளக்க முடியாது. கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுநகர்வில் பதிவு செய்து, நாலாமவர் கை அசைந்த படத்திலிருந்து ஐந்தாமவர் கை அசைந்த படம் வரை எண்ணினால் போதும். ஒரு படம் 4 மில்லிநொடிக்குக் கொஞ்சம் கூட. ஐந்து முறை எடுத்துச் சராசரி போடுங்கள். இரண்டாவது ஓட்டத்திலிருந்து பிள்ளைகள் வேகமாகிவிடுவார்கள், ஆகவே முதல் அளவை விட்டுவிடலாம். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஏழு கைமாற்றம். அதாவது ஏழு கால் நொடி, 1.75 நொடி. மற்ற பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு இடையே வெறும் 0.25. இந்த வித்தியாசந்தான் ஸ்க்யூ: ஒரே தாளம் இரண்டு பேருக்கு வந்து சேரும் நேரங்களின் இடைவெளி. அட்டையைத் தேடித் தூக்க ஆகும் நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அது ஏறக்குறைய 1 நொடி வரும். பார்த்துப் புரிந்துகொள்ள அரை நொடி என்று வைக்கலாம். மேற்கொண்டு வரும் கணக்கெல்லாம் இந்த மூன்று எண்களில்தான் நிற்கிறது.

ஸ்வரம் கொடுப்பவருக்குக் கயிறு கிடையாது. முதல் வாத்தியக்காரர் அட்டையைத் தூக்கியதும் அவர் அடுத்ததை மாற்றிவைக்க வேண்டும். ச, ரி, க, ம முடிந்ததும் வெற்று அட்டை.

நாலு நொடித் தாளத்தில் ஓட்டுங்கள். முதல் மூன்று தாளமும் ஒழுங்காகப் போகும். நாலாவதில்:

```
அறை          1   2   3   4   5   6   7   8
சரியான வரிசை
தாளம் 4      ம   க   ரி  ச   -   -   -   -
தாளம் 5      -   ம   க   ரி  ச   -   -   -

சங்கிலியில் வருவது
தாளம் 4      ம   க   ரி  ச   ச   -   -   -
தாளம் 5      -   ம   க   ரி  ரி  ச   -   -
```

நாலாமவர் தாளம் வாங்கி 1 நொடியில் ‘ச’வைத் தூக்கிவிட்டார். ஐந்தாமவருக்கு அதே தாளம் 1.75 நொடியில்தான் வருகிறது. திரும்பிப் பார்க்கும்போது நாலாவது அறையில் பழைய வெற்று அட்டை இல்லை, புது ‘ச’ நிற்கிறது. பாவம், அவர் விதிப்படியே அதை எடுத்துக்கொள்கிறார். ஒரே தாளத்தில் ஸ்வரம் இரண்டு அறை தாவிவிட்டது. கணக்கு எழுதுபவரின் தாளில் எட்டாவது அறைக்கு ‘ச’ வந்தது ஏழாவது தாளத்தில். நாலும் ஐந்தும் எப்போதும் ஒரே அட்டையைக் காட்டுவது இந்தக் கோளாறின் கைரேகை. பிள்ளைகள் இதை ஆசிரியருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள், சொல்லிக்கொடுக்காமல் இருப்பதே மேல்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: தாளத்தை நிதானமாக்கினால் சரியாகிவிடுமா? கிட்டத்தட்ட எல்லாரும் ஆமாம் என்பார்கள். பத்து நொடிக்கு ஒரு தாளம் போட்டு ஓட்டிக் காட்டுங்கள். அதே ஏழு. ஒரு மணிக்கு ஒரு தாளம் போட்டாலும் ஏழுதான். தவறு நடப்பது ஒரே தாளத்துக்குள். அடுத்த தாளம் எப்போது வந்தால் என்ன? இந்த இடத்தில் அவசரப்படாமல் நிற்பது நல்லது, ஏனென்றால் பொறியாளர்கள் பயப்படுவதும் இதற்குத்தான். இது ஹோல்டு பிழை. ஃபிளிப்-ஃபிளாப் ஒன்று தாளத்தின்போது உள்ளீட்டைப் பிடித்து முடிப்பதற்குள் அந்த உள்ளீடு மாறிவிடக் கூடாது. மாறினால் வேகத்தைக் குறைத்தும் தப்ப முடியாது, செய்து முடித்த சிப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சோதனை சில நேரம் முரண்டு பிடிக்கும். நாலாமவர் மெதுவாக அட்டை தேடுகிற பிள்ளையாக இருந்தால், 1.75 நொடிக்குள் தூக்கியிருக்க மாட்டார். ஐந்தாமவர் பழையதையே பார்ப்பார், பிழையே வராது. இன்னும் மோசம், சில தாளத்தில் வந்து சில தாளத்தில் வராமல் போவது. நாலாவது இடத்தில் துறுதுறுப்பான பிள்ளையை உட்காரவைத்தால் தீர்ந்தது. ஹோல்டு பிழையை உண்டாக்குவது வேகமான ஆள்தான், சோம்பேறி அல்ல என்பதும் அப்போது தானாகப் புலப்படும்.

அடுத்து, கயிற்றின் திசையை மட்டும் திருப்புங்கள். தாளக்காரர் எட்டாமவர் பக்கம் போகட்டும். தாளம் எட்டிலிருந்து ஐந்து வரை, பிறகு ஆறு கடத்திகள், பிறகு நாலிலிருந்து ஒன்று வரை. ஸ்வரம் மட்டும் முன்போல் இடமிருந்து வலம். நாலு நொடித் தாளத்தில் ‘ச’ சரியாக எட்டாவது தாளத்தில் வந்துவிடும். ஐந்தாமவர் முதலில் பார்த்துவிடுகிறார், நாலாமவர் 1.75 நொடி கழித்துத்தான் மாற்றத் தொடங்குகிறார். தாவலுக்கு வழியே இல்லை.

ஆனால் இந்த நிம்மதிக்கு விலை உண்டு. நாலாமவரின் புது அட்டை எழும்போது ஐந்தாமவரின் தாளம் விழுந்து 1.75 கூட்டல் 1, அதாவது 2.75 நொடி ஆகியிருக்கும். அதன்மேல் பார்க்க அரை நொடி. ஆக இரண்டு தாளங்களுக்கு நடுவே குறைந்தது 3.25 நொடி வேண்டும். நாலில் ஓடியது அதனால்தான். மெட்ரோனோமில் மூன்று சொடுக்குக்கு ஒரு தாளம் என்று மாற்றுங்கள். இப்போது ஐந்தாவது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது நாலாமவரின் அட்டை ஒருமுறை நின்றிருக்கும், ஒருமுறை பாதி உயரத்தில் வந்துகொண்டிருக்கும். ‘ரி’யா ‘க’வா என்று வாயைப் பிளந்துகொண்டு, கையில் இரண்டு அட்டையையும் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும். ஃபிளிப்-ஃபிளாப்பும் இப்படித்தான், பூச்சியமா ஒன்றா என்று தீராமல் சற்று நேரம் நடுவில் தொங்கும். அந்த நிலைக்கு மெட்டாஸ்டேபிலிட்டி என்று பெயர். இரண்டு நொடித் தாளத்துக்குப் போனால் குழப்பம்கூட இருக்காது. ஐந்தாமவர் எப்போதும் பழைய அட்டையைத்தான் பார்ப்பார், ‘ச’ ஒன்பதாவது தாளத்தில் வரும்.

இது செட்அப் பிழை. தாளத்தை மறுபடி நாலு நொடியாக்கினால் மறைந்துவிடும். வேகமாக ஓடத் தெரியாத சிப்பைக் குறைந்த வேக முத்திரையோடு விற்க முடிவது இதனால்தான். ஆக எட்டாவது அறையின் ஒரே எண் போதும், கோளாறைச் சொல்லிவிடலாம். 7 வந்தால் ஹோல்டு, 9 வந்தால் செட்அப். நிதானப்படுத்தியும் தீராதது ஏழு, தீர்வது ஒன்பது.

மூன்று நொடித் தாளத்தில் ஒரு வேடிக்கை கவனத்துக்கு வரும். சங்கிலியின் முழு நீளம் 14 கைமாற்றம், 3.5 நொடி. முதல் தாளம் மறுமுனைக்குப் போய்ச் சேருமுன் இரண்டாவது தாளம் கிளம்பிவிடும். கயிற்றில் ஒரே நேரத்தில் இரண்டு தாளம் ஓடும். கடத்திகள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வந்ததைக் கடத்தினால் போதும்.

திரும்பவும் முதல் சங்கிலிக்கு வந்து, ஹோல்டு பிழைக்கு மருந்து பார்க்கலாம். கயிற்றைத் தொடாமல், ஒதுக்கி வைத்திருந்த பிள்ளையை நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் உட்காரவையுங்கள். அவருக்குத் தாளம் கிடையாது. நாலாமவர் அட்டை மாறியதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு அதே அட்டையைத் தூக்க வேண்டும். ஐந்தாமவர் இனி இவரைத்தான் பார்ப்பார். நாலாமவர் 1 நொடியில் மாறினாலும் இவர் மாற ஏறக்குறைய 4 நொடியாகிவிடும். ஐந்தாமவர் 1.75-இல் பார்க்கும்போது பழையது பத்திரமாக நிற்கிறது. நாலு நொடித் தாளத்தில் ஐந்தாமவரின் அடுத்த பார்வை 5.75-இல். அதற்குள் புதியது வந்து நிலைத்துவிடும். ‘ச’ எட்டில் வரும். சிப் வரைபடத்தில் ஹோல்டு பிழை உள்ள வழியில் தாமத பஃபர்களைச் செருகுவது இதே வைத்தியந்தான். எண்ணிக்கையை ஐந்து வரை நீட்டச் சொன்னால் 9 வந்துவிடும், மருந்தே நோயாகிவிடும். இந்தப் பிள்ளைக்கு யாராவது இரக்கப்பட்டுக் கயிறு கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் அவர் ஒன்பதாவது வாத்தியக்காரராகிவிடுவார். அப்போதும் 9 வரும், வேறு காரணத்தால்.

கடைசியில் மரம். அதே பதினைந்து பேர், அதே 14 கயிறு. தாளக்காரர் இரண்டு கடத்திகளை இழுக்கிறார், அந்த இருவர் ஆளுக்கு இரண்டாக நாலு கடத்திகளை, அந்த நால்வர் எட்டு வாத்தியக்காரர்களை. இழுக்கும் ஒவ்வொருவரும் இரண்டு கயிற்றையும் ஸ்கேலின் இரு முனையில் கட்டி, நடுவில் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஏழு பேர், ஏழு ஸ்கேல். தனித்தனிக் கையால் இழுத்தால் வலக்கைக்காரர் வலப்பக்கத்தை முந்தவைப்பார். வாத்தியக்காரர்கள் இனி யாரையும் இழுக்க வேண்டியதில்லை. தாளம் எல்லாருக்கும் மூன்று கைமாற்றத்தில், முக்கால் நொடி தாமதமாக, ஆனால் சேர்ந்தாற்போல் வரும். இங்கே ஒரு பிள்ளையாவது “எல்லாரும்தான் லேட்டாச்சே, அது தப்பில்லையா?” என்று கேட்கும். தப்பில்லை. தாமதம் வேறு, தாமதத்தில் வித்தியாசம் வேறு. தாளக்காரர் எப்போது இழுத்தார் என்று அறைகளுக்குத் தெரியவே வேண்டாம். சிப்பில் இந்தக் கிளைப்பை எச் வடிவமாக, அதன் நுனிகளில் மேலும் சிறு எச்சாக வரைவார்கள், எந்த நுனிக்கும் கம்பி நீளம் ஒன்றே.

மரத்தையும் கெடுத்துப் பார்க்க வேண்டும். முதல் நிலையில் வலப்பக்கக் கடத்தியை இரண்டு எண்ணிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். ஐந்து முதல் எட்டு வரை நால்வரும் 2 நொடி பிந்துவார்கள். ஆனால் அவர்களுக்குள் ஒரு குழப்பமும் இராது. ஆறாமவர் ஐந்தாமவரைப் பார்க்கிறார், இருவரும் சமமாகப் பிந்தியவர்கள். உடைவது ஒரே இடம், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே. தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் அந்த இருவரின் கயிறுகளும் ஒன்றுசேர்வது உச்சியில் தாளக்காரரிடம் மட்டுந்தான். இதை ஓடவிட்ட பிறகு, ஒருவரோடொருவர் பேசாத இருவருக்கு இடையே ஸ்க்யூ எவ்வளவு இருந்தால் என்ன என்று கேட்டால் பதில் தயாராக வரும். ஒன்றுக்கும் எட்டுக்கும் எவ்வளவு இருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

இறுதியாகக் கையில் கொடுக்க, பழுதான பழைய கணினியின் தாய்ப்பலகை ஒன்று இருந்தால் போதும். மின்கலத்தைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். மெமரி சொருகும் இடத்துக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உருப்பெருக்கியால் பார்த்தால், நேராகப் போகக்கூடிய செம்புத் தடங்கள் பாம்பாக நெளிந்து போவது தெரியும். பிள்ளைகள் உடனே அது பின்வரிசைக் கடத்திகள் என்பார்கள். பாதி சரி. நம் ஆறு பேர் பிழை உண்டாக்கச் சுற்றினார்கள், இந்த நெளிவுகள் குட்டையான தடத்தை நெட்டையான தடத்தின் நீளத்துக்குச் சமப்படுத்தப் போட்டவை. பலகையில் குறிப்பலை ஒரு நானோநொடியில் சுமார் 15 சென்டிமீட்டர் போகும். தடத்தின் மேல் நூலை நெளிவுகளோடு ஒட்டிவைத்துப் பிறகு நிமிர்த்தி அளக்கலாம். நேர்கோட்டு தூரத்தைவிட 3 சென்டிமீட்டர் கூட வந்தால், அந்த நெளிவு வாங்கிய தாமதம் 0.2 நானோநொடி.